ஒருவர்கூட, ஒருவர் மட்டும்

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளியின் ஆண்டு மலர் அச்சுக்கு வந்திருந்தது. அறிக்கைப் பகுதியில் ஒரு வரி: ‘பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய 42 பேரில் ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை.’ அடுத்த வரியில் ஆசிரியர்களின் உழைப்புக்கு மனமார்ந்த பாராட்டு. இரண்டும் ஒட்டவில்லையே என்று தொலைபேசியில் கேட்டோம். 41 பேர் தேறியிருந்தார்கள். ஒரு பிள்ளைதான் கணக்கில் தவறியிருந்தது. ‘ஒருவர் மட்டும்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒருவர்கூட’ வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த வரியில் எழுத்துப் பிழை இல்லை, சந்தி சரி, எழுவாயும் பயனிலையும் பொருந்தியிருந்தன. அடுத்த வரியில் அந்தப் பாராட்டு இல்லாமலிருந்தால் நான் தாண்டிப் போயிருப்பேன்.

அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களும் எங்கே வந்தாலும் நின்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. இவற்றில் நேரும் தவறுகள் பெரும்பாலும் சொல்லின் பொருள் தெரியாததால் வருவதில்லை. அது வாக்கியத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்காததால் வருகின்றன.

‘கூட’, ‘மட்டும்’ இரண்டும் பின்னால் வருகிற சொற்கள். தனக்கு முன்னே இருப்பதைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும், தனக்கு அடுத்து வருவதைத் தொடாது. ‘அத்தை நேற்று முருகனுக்கு முறுக்கு கொடுத்தாள்’ என்ற சாதாரண வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘அத்தை மட்டும்’ என்றால் சித்தியும் பெரியம்மாவும் கொடுக்கவில்லை. ‘நேற்று மட்டும்’ என்றால் மற்ற நாள்களில் கொடுக்கவில்லை. ‘முருகனுக்கு மட்டும்’ என்றால் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘முறுக்கு மட்டும்’ என்றால் தட்டில் இருந்த அதிரசம் தட்டிலேயே இருந்தது. வாக்கியத்தின் மற்றச் சொற்கள் அப்படியே இருக்க, ஒரு சொல் இடம் மாறும்போதெல்லாம் வேறு வேறு ஆட்கள் விடுபட்டுப்போகிறார்கள்.

அதே இடங்களில் ‘கூட’ வைத்துப் பாருங்கள். ‘அத்தைகூட’ என்றதும், கொடுக்கவே மாட்டாள் என்று நாம் நினைத்திருந்த அத்தை தெரிகிறாள். ‘முருகனுக்குக்கூட’ என்றதும், மற்ற எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது, எதிர்பாராத விதமாக முருகனுக்கும் கிடைத்தது என்று ஆகிறது.

ஆக, இந்தச் சொற்கள் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் எழுதப்படாத இன்னொரு வாக்கியம் இருக்கிறது. ‘மட்டும்’ வரும்போது அந்த இரண்டாவது வாக்கியம், ‘மற்றவர்கள் அப்படி இல்லை’ என்கிறது. ‘கூட’ வரும்போது, ‘மற்றவர்களும் அப்படித்தான், இவரைத்தான் நாம் எதிர்பார்க்கவில்லை’ என்கிறது. பள்ளி மலரின் வரியை இதை வைத்துப் பார்த்தால் குழப்பம் உடனே தீரும். ‘ஒருவர் மட்டும் தேர்ச்சி பெறவில்லை’: மற்றவர்கள் அப்படி இல்லை, அதாவது தேறிவிட்டார்கள். ‘ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை’: மற்றவர்களும் அப்படித்தான், அதாவது எல்லாரும் தவறினார்கள். வினை இரண்டிலும் ஒன்றுதான். மாறியது எழுதப்படாத வாக்கியம்.

பழைய இலக்கண நூல்களின் இடைச்சொல் பட்டியல்களில் ‘கூட’வும் ‘மட்டும்’ என்பதும் இல்லை. அவற்றின் வேலையை அன்று வேறு இரண்டு சிறு ஒட்டுகள் செய்துவந்தன. தொல்காப்பியமும் நன்னூலும் ‘உம்’ என்பதற்கு எட்டுப் பொருள் சொல்கின்றன. அவற்றில் ஒன்று சிறப்பு. ‘ஏ’ என்பதற்குச் சொன்ன பொருள்களில் ஒன்று பிரிநிலை, அதாவது கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. இன்றைய ‘கூட’ நிற்பது சிறப்பும்மையின் இடத்தில். இன்றைய ‘மட்டும்’ நிற்பது பிரிநிலை ஏகாரத்தின் இடத்தில். ‘மட்டுமே’ என்று சேர்த்து எழுதும்போது பழையதும் புதியதும் ஒன்றாக நின்று இன்னும் அழுத்தமாகப் பிரிக்கின்றன.

சிறப்பும்மையை இலக்கண ஆசிரியர்கள் உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என்று இரண்டாகப் பிரித்தார்கள். ‘கூட’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் வந்தாலே மனத்தில் ஓர் ஏணி நிற்கிறது. அதன் உச்சிப் படியையோ அடிப்படியையோ அது தொடுகிறது. ‘இந்தக் கணக்கு ஆசிரியருக்கேகூடப் புரியவில்லை’ என்றால் உச்சிப் படி. உச்சியில் இருப்பவருக்கே புரியாதபோது கீழே இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ‘கையில் ஒரு ரூபாய்கூட இல்லை’ என்றால் அடிப்படி. ஒன்றே இல்லாதபோது பத்தும் நூறும் எங்கே இருக்கும்? எந்தப் படியைத் தொடுகிறோம் என்று யோசிக்காமல் எழுதினால் வாக்கியம் நினைக்காததைச் சொல்லிவிடும். ‘கூட்டத்துக்கு 500 பேர்கூட வரவில்லை’ என்று எழுதினால், ஐந்நூறுக்கு மேல் எதிர்பார்த்திருந்தோம் என்று பொருள். ஒரு சிற்றூர் நூலக விழாவுக்கு 40 பேரை எதிர்பார்த்து 15 பேர் வந்திருந்தால், ‘500 பேர்கூட வரவில்லை’ என்பது பொய்யில்லை, ஆனால் அந்த விழாவைப் பற்றிய செய்தியும் இல்லை. அங்கே எழுத வேண்டியது ‘20 பேர்கூட வரவில்லை’ என்பதுதான்.

இனி இவை நிற்கும் இடத்துக்கு வருவோம். பெயர்ச்சொல்லோடு வரும்போது பன்மை விகுதி, வேற்றுமை உருபு, ‘ஆக’, ‘இருந்து’ போன்றவை எல்லாம் முடிந்த பிறகே இவை வரும். பிள்ளைகளுக்கு மட்டும், ஊரிலிருந்துகூட, உனக்காக மட்டும். இவற்றுக்குப் பின்னால் உருபு ஏறாது. பேசும்போது தமிழர் யாரும் இதில் தவறுவதில்லை. எழுதும்போது தடுமாறுவது சந்தியில். ‘கூட’ என்பது ‘கூடு’ என்ற வினையிலிருந்து வந்த எச்சம் ஆகையால் அடுத்து வரும் வல்லினம் மிகும்: கூடத் தெரியாது, கூடச் சொல்லவில்லை, கூடப் படிக்கவில்லை. இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் அதுவே வந்தால் அதற்கு முன்னும் மிகும்: என்னைக்கூட, எனக்குக்கூட.

அந்தக் ‘கூடு’ என்ற வினை ஒரு பெரிய குழப்பத்துக்கும் காரணமாக இருக்கிறது. கூடுதல் என்றால் சேர்தல். அதனால் ‘கூட’ என்றால் ‘சேர்ந்து’, ‘உடன்’ என்பதே முதற்பொருள். கூடப்பிறந்தவள், கூட வந்தவர் எல்லாம் அந்த வழிதான். பின்னர் அது ‘அவரும் சேர்ந்து’ என்பதிலிருந்து ‘அவருமே’ என்ற பொருளுக்கு நகர்ந்தது. இரண்டு பொருளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ‘என் கூட வந்தான்’, ‘நான்கூட வந்தேன்’ என்பவற்றில் சிக்கல் இல்லை. நான், என் என்று சொல்லே வடிவம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நீ, உன், நாம், நம் ஆகியவையும் அப்படியே. ஆனால் அவர், அவன், இவள், அம்மா, முருகன் போன்ற சொற்களுக்கு அந்த வசதி இல்லை. ‘அமைச்சர் கூட வந்தார்’ என்று ஒரு செய்தியில் வந்தால் அமைச்சரே வந்தாரா, அமைச்சரோடு வேறொருவர் வந்தாரா? பேச்சில் குரல் சொல்லிவிடும். அச்சில் சொல்ல ஆள் இல்லை.

சேர்த்து எழுதினால் ஒரு பொருள், பிரித்து எழுதினால் இன்னொரு பொருள் என்று சிலர் வகுத்துக்கொள்கிறார்கள். நானும் ‘அவர்கூட’ என்று சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் ஓர் இடைவெளியை நம்பிப் பொருளை ஒப்படைக்க எனக்கு மனம் வருவதில்லை. வரி மடங்கும் இடத்தில் அது தொலைந்துபோகும். அதனால் எழுத்தில் ‘உடன்’ என்ற பொருள் வேண்டும்போது ‘அமைச்சருடன்’, ‘அமைச்சரோடு’ என்றே எழுதிவிடலாம். ‘கூட’ என்பதை எதிர்பாராததைச் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளலாம். கதையில் வரும் பேச்சுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை. அங்கே ‘என் கூட வாடா’ என்பதே உயிருள்ள தமிழ்.

மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு: அதிகம். ‘அந்தக் கடையில் விலை கூட’ என்றால் யாழ்ப்பாணத்தில் அது முழு வாக்கியம். விலை அதிகம், அவ்வளவுதான். ‘பத்து ரூபாய் கூடக் கொடுத்தேன்’ என்றால் கேட்டதற்கு மேல் பத்து ரூபாய் கொடுத்தேன் என்று எந்த ஊர்த் தமிழரும் புரிந்துகொள்ள முடியும். ‘பத்து ரூபாய்கூடக் கொடுக்கவில்லை’ என்று எதிர்மறை வந்ததும் ஏணி வந்துவிடுகிறது.

‘மட்டும்’ பிறந்தது ‘மட்டு’ என்ற பெயரிலிருந்து. மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டுப்படுத்து, மட்டில்லாத மகிழ்ச்சி, என்னைப் பொறுத்தமட்டில் என்றெல்லாம் அந்தப் பொருளில் இன்றும் வழங்குகிறோம். எல்லை என்பதிலிருந்து ‘அந்த எல்லை வரைக்கும்’ என்ற பொருள் வந்தது. அதற்கப்பால் இல்லை என்பதிலிருந்து இன்று நாம் அறிந்த பொருள் வந்தது. பழைய தமிழ் விவிலியத்தில் ‘மட்டும்’ பல இடங்களில் ‘வரை’ என்ற பொருளில்தான் வருகிறது. இலங்கைத் தமிழில் அது இன்னும் புழக்கத்தில் உள்ளது. ‘வவுனியா மட்டும் போனேன்’ என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர் சொன்னால், வவுனியா வரை போய்த் திரும்பினேன் என்று பொருளாகலாம். மதுரைக்காரர் காதில் அது வேறு ஊருக்குப் போகவில்லை என்று விழும். காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி முடித்து ‘மட்டும்’ போடுகிறோமே, அங்கே இரண்டு பொருளும் கலந்து நிற்கின்றன. தொகையின் எல்லை இது, இதற்குப் பின்னால் ஒரு சொல்லும் ஏறக் கூடாது என்று கட்டிய சுவர் அது.

எதைப் பற்றிக்கொள்கிறது என்று பார்த்தோம். எவ்வளவு தூரம் பற்றுகிறது என்பது இன்னும் சிக்கலானது. தமிழில் அடைமொழிக்கும் பெயருக்கும் நடுவே இந்தச் சொற்களைச் செருக முடியாது. ‘சிவப்பு மட்டும் சட்டை’ என்றோ, ‘மூன்று மட்டும் பேர்’ என்றோ, ‘என் மட்டும் வீடு’ என்றோ சொல்ல முடியாது. தொடர் முடிந்த பிறகே வர வேண்டும்: சிவப்புச் சட்டை மட்டும். அப்படி வரும்போது அது ‘சட்டை’யை மட்டும் பிடித்திருக்கிறதா, ‘சிவப்பு’ வரை பிடித்திருக்கிறதா, முழுத் தொடரையும் பிடித்திருக்கிறதா என்பது எழுத்தில் தெரியாது. ‘அவன் சிவப்புச் சட்டை மட்டும் வாங்கினான்’ என்றால் நீலச் சட்டை வாங்கவில்லையா, சிவப்பு வேட்டி வாங்கவில்லையா, வேறு எதுவுமே வாங்கவில்லையா?

சட்டையில் இது பெரிய நட்டமில்லை. ஆனால் ஒரு மருத்துவமனை வாசலில் நான் பார்த்த பலகை அப்படி இல்லை. ‘ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் கண் மருத்துவர் பார்ப்பார்’ என்று எழுதியிருந்தது. ஒரு ஞாயிறு காலை, பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, பேரனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “ஏம்ப்பா, ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் டாக்டர் வருவாருன்னுதானே போன வாரமே பாத்துச் சொன்னே? தெனமும் இருக்காருங்கறாங்களே.” பேரன் தவறாகப் படிக்கவில்லை. மருத்துவர் எல்லா நாளும் இருந்தார். மற்ற நாள்களில் காலை, மாலை இருவேளையும், ஞாயிற்றில் காலை ஒருவேளை. எழுதியவருக்கு ‘மட்டும்’ பிடித்திருந்தது ‘காலை’யை. படித்தவருக்கு அது ‘ஞாயிற்றுக்கிழமை காலை’ முழுவதையும் பிடித்தது. புரை வளர்ந்த கண்ணோடு அந்தப் பாட்டி ஆறு நாள் வீட்டில் காத்திருந்தார்.

இதைத் திருத்துவது கடினம் இல்லை. பிடிபட வேண்டிய சொல்லையும் பிடிபடக் கூடாத சொல்லையும் பிரித்துவிட வேண்டும். ‘கண் மருத்துவர் எல்லா நாளும் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் மட்டும்.’ ‘ஞாயிற்றுக்கிழமைகளில்’ என்று உருபோடு முடித்துவிட்டதால் அது தனியாக நிற்கிறது, ‘காலையில் மட்டும்’ என்பது தனியாக நிற்கிறது. முதல் வாக்கியம் மறைந்திருந்ததை வெளியே எழுதிவிடுகிறது. மறுபடி ஒரு வகைத் திருத்தமும் உண்டு. பெயரின் முன்னால் இருக்கும் அடைமொழியைத்தான் பிடிக்க வேண்டும் என்றால் அதையே பெயராக்கிக் கடைசியில் கொண்டுவரலாம்: ‘சட்டைகளில் சிவப்பை மட்டும் வாங்கினான்.’ இப்போது சட்டை வெளியே நிற்கிறது, சிவப்புதான் பிடிபடுகிறது.

எதிர்மறை வரும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘விழாவுக்கு அவர் மட்டும் வரவில்லை’ என்றால் மற்ற எல்லாரும் வந்தார்கள். ஆனால் பேச்சில், ‘அவர் மட்டும் வரல, அவங்க சம்சாரமும் வந்திருந்தாங்க’ என்று நேர்மாறாகவும் சொல்கிறோம். இரண்டாவது பாதி வரும் வரை கேட்பவர் பொறுத்திருப்பார், குரலும் உதவும். எழுத்தில் படிப்பவர் முதல் பாதியிலேயே ‘அவர் வரவில்லை’ என்று முடிவு கட்டிவிட்டு, பிறகு திரும்பி வந்து திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். மறுக்க வேண்டியது வருகையை அல்ல, ‘மட்டும்’ என்பதைத்தான் என்றால் மறுப்புச் சொல்லை ‘மட்டும்’ என்பதன் மேலேயே வைக்க வேண்டும்: ‘வந்தது அவர் மட்டுமல்ல, அவர் மனைவியும்தான்.’

இந்த ‘மட்டுமல்ல’ தொடங்கியதும் வாக்கியத்துக்கு இரண்டு கால்கள் முளைக்கின்றன. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ணில் படுகிற குறை இதுதான்: ‘சென்னை மட்டுமல்ல, மதுரையிலும் மழை பெய்தது.’ மதுரையில் பெய்தது சரி, சென்னை என்ன செய்தது? ‘சென்னையில் மட்டுமல்ல, மதுரையிலும்’ என்று முதல் காலுக்கும் உருபு வேண்டும். ‘மாணவர்கள் மட்டுமல்லாமல் பெற்றோருக்கும் பரிசு’ என்பதும் இதே நொண்டல். ‘மாணவர்களுக்கு மட்டுமல்லாமல் பெற்றோருக்கும்’ என்றால் நிமிர்ந்துவிடும். இரண்டாவது காலில் ‘உம்’ விட்டுப்போவதும் உண்டு. ‘சென்னையில் மட்டுமல்லாமல் மதுரையில் மழை பெய்தது’ என்பது பாதி வழியில் நின்றுவிட்ட வாக்கியம்.

இதுவரை பெயரைப் பற்றி. வினையைப் பிடிக்க வேண்டுமானால் என்ன செய்வது? ‘பார்த்தான் கூட’ என்று முற்றுவினைக்குப் பின்னால் இதை வைத்தால் எழுத்தில் நிற்காது. தமிழ் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வினையை இரண்டாக உடைத்து நடுவில் இடம் செய்துகொடுக்கும். ‘திரும்பிப் பார்க்கவில்லை’ என்பது ‘திரும்பிக்கூடப் பார்க்கவில்லை’ ஆகிறது. ‘சொல்லவில்லை’ என்பது ‘சொல்லக்கூட இல்லை’ ஆகிறது. ‘சிரித்தான்’ என்பது ‘சிரிக்க மட்டும் செய்தான்’ ஆகிறது; அதாவது பதில் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. இதை மறந்துவிட்டு, வினைக்காக நினைத்த சொல்லைப் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிடுவது மொழிபெயர்ப்புகளில் நிறைய நடக்கிறது. ‘அவன் கடிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை’ என்றால் பிரிக்காத பொருள்களில் கடிதமும் ஒன்று. கடிதத்தைப் படிக்காததோடு உறையைக் கிழிக்கவும் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், ‘அவன் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை’ என்று வர வேண்டும்.

‘ஆல்’ என்று முடியும் நிபந்தனை எச்சத்தின் மேல் இவை ஏறும்போது இரண்டுக்கும் உள்ள தொலைவு மிக அதிகமாகத் தெரிகிறது. ‘மழை பெய்தால் மட்டும் விதைப்போம்’ என்கிறவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை இல்லையென்றால் விதை நெல் குதிரிலேயே இருக்கும். ‘மழை பெய்தால்கூட விதைப்போம்’ என்கிறவர் சேற்றுக்கும் தயாராக நிற்கிறார். மழை இல்லாவிட்டால் விதைப்பார் என்பது கேட்காமலே தெரிகிறது. இப்போது எதிர்மறையையும் சேர்த்துப் பார்க்கலாம். ‘மழை பெய்தால் மட்டும் போட்டி நடக்காது’ என்று விளையாட்டுத் திடல் வாசலில் எழுதியிருந்தால், மேகம் இல்லாத நாளில் பையன்கள் மட்டையோடு உள்ளே போகலாம். ‘மழை பெய்தால்கூடப் போட்டி நடக்காது’ என்று எழுதியிருந்தால், வெயில் அடிக்கிற நாளிலும் அந்தத் திடலில் ஆட்டம் இல்லை. மழைக்காகக் காத்திருந்த யாரோ ஒருவருக்குச் சொன்ன பதில் அது.